கார்டில் எடுத்த பணத்துக்கு எடுத்த அன்றே வட்டி: 40,000 ரூபாய்க்கு ஒரு கணக்கு

கேள்வி: "பெங்களூரில் ராமமூர்த்தி நகர் பக்கம் வீடு மாறுகிறேன். புது வீட்டு அட்வான்ஸுக்கு 40,000 ரூபாய் குறைகிறது. பழைய ஓனர் என் அட்வான்ஸைத் திருப்பித் தர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும் என்கிறார். கிரெடிட் கார்டை வைத்து ஏடிஎம்மில் எடுத்தால் 2.5% தான் கட்டணம். பெர்சனல் லோனுக்கு 18% கேட்கிறார்கள். அப்படியானால் கார்டுதானே மலிவு?"

அப்படிச் சொல்லிவிட முடியாது. நீங்கள் சொல்லும் இரண்டு எண்களும் சரிதான். ஆனால் அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கக் கூடாது. 2.5% என்பது பணத்தை எடுத்ததற்காக ஒருமுறை வாங்கும் கட்டணம். 18% என்பது ஒரு வருடத்து வட்டி. கார்டுக்கும் தனியாக வருட வட்டி இருக்கிறது, ஏடிஎம் திரை அதைக் காட்டுவதில்லை. நான் ஒரு வங்கியின் கார்டு பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். பில்லைப் பார்த்துவிட்டு அதிர்ச்சியோடு கூப்பிடுபவர்களில் பெரும்பாலானோர் இந்த ஒரு இடத்தில்தான் தடுமாறியிருப்பார்கள்.

முதலில், எல்லா வங்கிக்கும் பொதுவான விஷயம். கடையில் கார்டைத் தேய்த்தால், முந்தைய பாக்கி எதுவும் இல்லாத பட்சத்தில், பில்லின் கடைசித் தேதி வரை வட்டி கிடையாது. ஏடிஎம்மில் எடுத்த பணத்துக்கு அந்தச் சலுகை இல்லை. காலை பத்து மணிக்கு எடுத்தால் அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும், நீங்கள் திருப்பிக் கட்டும் நாள் வரை தினமும் ஏறும். பில் வந்ததும் முழுசாகக் கட்டிவிட்டாலும் அதுவரை ஏறிய வட்டி குறையாது. பல கார்டுகளில் இந்த வட்டி மாதத்துக்கு 3.5 முதல் 3.75 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42 முதல் 45 சதவீதம். இதற்கு மேல் 18% ஜிஎஸ்டி உண்டு. கட்டணத்துக்கும் உண்டு, வட்டிக்கும் உண்டு. பெர்சனல் லோன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, கார்டு வட்டிக்கு உண்டு. இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை.

உங்கள் 40,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். வட்டி வருடத்துக்கு 45% என்று வைத்தால் ஒரு நாளைக்கு 49 ரூபாய் சொச்சம். ஜிஎஸ்டியோடு 58 ரூபாய். கட்டணம் 2.5% என்றால் 1,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 1,180. முப்பது நாளில் திருப்பிக் கட்டினால் வட்டி 1,746, கட்டணம் 1,180, மொத்தம் 2,926 ரூபாய் கையை விட்டுப் போகும். நாற்பத்தைந்து நாளானால் சுமார் 3,800. நீங்கள் மனதில் வைத்திருந்தது வெறும் 1,000 ரூபாய்.

இந்த 1,180 என்ற கட்டணம்கூட, 40,000 ரூபாயை ஒரே தடவையில் எடுக்க முடிந்தால்தான். கார்டு விதிமுறையில் கட்டணத்தைப் பொதுவாக இப்படி எழுதியிருப்பார்கள்: எடுத்த தொகையில் 2.5% அல்லது 500 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும். பல ஏடிஎம்கள் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்தான் கொடுக்கும். அங்கே நின்று நான்கு முறை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பத்தாயிரத்துக்கு 2.5% என்றால் 250 தான், ஆனால் குறைந்தபட்சம் 500 என்று இருப்பதால் ஒவ்வொரு முறைக்கும் 500. நான்கு முறைக்கு 2,000, ஜிஎஸ்டியோடு 2,360. அதே பணத்துக்கு, அதே பத்து நிமிடத்தில், கட்டணம் இரட்டிப்பாகிவிட்டது. பில்லில் இது CASH ADVANCE FEE என்று நான்கு தனி வரிகளாகவும், ஒவ்வொன்றுக்கும் கீழே ஜிஎஸ்டி ஒரு வரியாகவும் வரும். கூட்டிப் பார்க்காமல் மேலோட்டமாகப் படித்தால் எல்லாமே சின்னத் தொகையாகத்தான் தெரியும். இன்னொன்று, உங்கள் கார்டின் லிமிட் ஒன்றரை லட்சம் என்றாலும் ரொக்கமாக எடுக்கும் லிமிட் தனி, அது மொத்தத்தில் ஒரு பகுதிதான். வங்கி ஆப்பில் Available Cash Limit என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏடிஎம்முக்கே போக வேண்டும்.

இப்போது லோன் பக்கம் வருவோம். 40,000 ரூபாய், வட்டி வருடத்துக்கு 18%, பன்னிரண்டு மாதம், மீதி நிற்கும் தொகைக்கு மட்டும் வட்டி என்றால் மாதத் தவணை 3,667 ரூபாய் வரும். வருடம் முழுக்கக் கட்டினால் வட்டி மொத்தம் சுமார் 4,006. பிராசசிங் ஃபீஸ் 2% என்றால் 800, ஜிஎஸ்டியோடு 944. ஆக ஒரு முழு வருடத்துக்கும் சேர்த்துச் செலவு ஏறக்குறைய 4,950 ரூபாய். கார்டில் வெறும் 45 நாளைக்கு 3,800 ஆகிறது என்று பார்த்தோம். பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் உங்களுக்கு ஒரு வருடம் தேவையில்லை. ஒன்றரை மாதத்தில் பழைய ஓனர் பணம் தந்ததும் கடனை முடித்துவிட நினைக்கிறீர்கள். இங்கேதான் லோனுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான் சரியாக இருக்கும். பெர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி உள்ள கடன். அதைப் பாதியில் முடித்தால் பல நிறுவனங்கள் மீதித் தொகையில் 2 முதல் 5 சதவீதம் வரை ஃபோர்குளோஷர் கட்டணம் கேட்கும், அதற்கும் ஜிஎஸ்டி. சில இடங்களில் ஆறு தவணை அல்லது பன்னிரண்டு தவணை கட்டும் வரை முடிக்கவே விட மாட்டார்கள். 4% கட்டணம் என்று வைத்து உங்கள் கணக்கைப் போடுகிறேன். முதல் தவணை கட்டியதும் மீதி 36,933 ரூபாய் நிற்கும். அதில் 4% என்றால் 1,477, ஜிஎஸ்டியோடு 1,743. பிராசசிங் ஃபீஸ் 944, ஒரு மாத வட்டி 600, எல்லாம் சேர்த்தால் 3,287. அதே முப்பது நாளில் கார்டுக்கு 2,926. அதாவது இந்த இடத்தில் கார்டுதான் மலிவு!

எந்த நாளில் இது தலைகீழாகிறது? கார்டில் ஒரே தடவையாக எடுத்து, லோனுக்கு 4% முடிப்புக் கட்டணம் இருந்தால், சுமார் நாற்பதாவது நாளில் இரண்டும் சமமாகின்றன. அதற்கு முன் கார்டு, அதற்குப் பின் லோன். நான்கு தடவையாக எடுத்து 2,360 கட்டணம் கொடுத்திருந்தால் சமமாகும் நாள் பன்னிரண்டுக்கு இறங்கிவிடும். லோனுக்கு முடிப்புக் கட்டணமே இல்லையென்றால் சமமாகும் நாள் என்று ஒன்று கிடையாது. முதல் நாளிலிருந்தே லோன்தான் மலிவு, ஏனென்றால் அதன் வட்டி ஒரு நாளைக்கு 20 ரூபாய்க்குள், கார்டுக்கு 58.

ஆகவே 2.5 பெரிதா 18 பெரிதா என்பதில் உங்கள் முடிவு இல்லை. பணம் உங்கள் கையில் எத்தனை நாள் இருக்கும், லோனை முடிக்க என்ன கேட்பார்கள், இந்த இரண்டிலும்தான் இருக்கிறது. இரண்டாவதை ஒரு போன் போட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதலாவதுதான் கஷ்டம். நீங்கள் "ஒரு மாதம், ஒன்றரை மாதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரில் காலி செய்யும் வீட்டு அட்வான்ஸ் எப்படித் திரும்பி வரும் என்று இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பார்கள். புதிதாக வருபவர் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் நமக்குத் தருவேன் என்பார்கள். ஆள் வராவிட்டால் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று இழுக்கும். உங்கள் ஓனர் சொன்ன தேதியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தத் தேதி தள்ளிப்போனால் எந்தக் கடன் உங்களை அதிகம் சேதப்படுத்தும் என்று இப்போதே பார்த்துவிட வேண்டும்.

அதில் சந்தேகமே இல்லை, கார்டுதான். மாதம் 3.75% வட்டியோடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 4.4% தாண்டுகிறது. 40,000 ரூபாய் பாக்கி நின்று, நீங்கள் மாதம் 2,000 மட்டும் கட்டினால், அதில் 1,746 வட்டிக்கும் வரிக்குமே போய்விடும். அசல் குறைவது 254 ரூபாய். அடுத்த மாதமும் கிட்டத்தட்ட அதே கதை. எடுத்ததற்கான 1,180 ரூபாய் கட்டணமும் பாக்கியில் சேர்ந்திருக்கும் என்பதால், லோன் தவணையின் அதே 3,667 ரூபாயை மாதாமாதம் கார்டுக்குக் கட்டி வந்தால்கூட, முடிக்க ஏறக்குறைய 16 மாதம் ஆகும், மொத்தம் 58,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பீர்கள். லோனில் 4,950 செலவாகும் அதே கடனுக்கு இங்கே 18,000 செலவு. பில்லில் "குறைந்தபட்சத் தொகை" என்று போட்டிருப்பதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, சிபில் பதிவும் கெடாது. அதற்குமேல் அதில் நன்மை கிடையாது. கடன் அடைபடுகிறது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம்.

கார்டுக்கு இன்னொரு சேதமும் உண்டு, இது பில்லைப் பார்த்தாலும் உடனே புரியாது. உங்கள் மளிகை, பெட்ரோல், மின்கட்டணம் எல்லாம் அதே கார்டில் மாதம் 15,000 ரூபாய் போகிறது என்று வையுங்கள். எடுத்த ரொக்கத்தால் அந்த மாத பில்லை முழுசாகக் கட்ட முடியாமல் போனால், மளிகைக்கும் பெட்ரோலுக்கும் இருந்த வட்டியில்லாக் காலமும் போய்விடும். வாங்கிய தேதியிலிருந்து அவற்றுக்கும் வட்டி ஓடும், புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய அன்றே தொடங்கும், பாக்கி முழுசாகத் தீரும் வரை. 15,000 ரூபாய் மாதம் முழுக்க நின்றால் அதற்கு மட்டும் ஜிஎஸ்டியோடு 650 ரூபாய்க்கு மேல். பில்லில் FINANCE CHARGES என்ற ஒரே வரியில் இதுவும் ரொக்கத்துக்கான வட்டியும் சேர்ந்தே வருவதால் எது எதற்கு என்று பிரித்துத் தெரியாது. ஆகவே கார்டில் ரொக்கம் எடுத்தே ஆக வேண்டும் என்றால், அன்றாடச் செலவை வேறு கார்டுக்கோ யுபிஐக்கோ மாற்றிவிடுங்கள்.

"நாற்பத்தைந்து சதவீதம் வட்டி சட்டப்படி செல்லுமா, 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பு இருக்கிறதே" என்று யாராவது சொல்லக்கூடும். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அப்படிச் சொன்னது உண்மை. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அதை நம்பி பிறகு வாதாடிக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம்.

லோன் பக்கம் ஏமாறக்கூடிய இடம் வட்டியைச் சொல்லும் விதம். "மாதம் 1.5%தான்" என்று ஒரு ஆப்பில் போட்டிருந்தால், அது குறையும் அசலுக்கா முழு அசலுக்கா என்று கேளுங்கள். முழு அசலுக்கு என்றால், அதாவது ஃப்ளாட் என்றால், 40,000க்கு வருட வட்டி 7,200, தவணை 3,933 வரும். நீங்கள் ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், ஆனால் வட்டி முதல் நாள் தொகைக்கே போடப்படுகிறது. உண்மையான வருட வட்டி 32 சதவீதத்துக்கு அருகில் போய்விடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். தவணையை மாதங்களால் பெருக்கி, அதிலிருந்து உங்கள் வங்கிக் கணக்கில் உண்மையில் வந்து சேரும் தொகையைக் கழியுங்கள். வரும் எண்தான் செலவு. வந்து சேரும் தொகை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பிராசசிங் ஃபீஸை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள், சில இடங்களில் கேட்காமலே ஒரு இன்சூரன்ஸையும் சேர்த்துப் பிடிப்பார்கள். 40,000 கையெழுத்துப் போட்டு 37,500 வந்தால் உங்கள் அட்வான்ஸுக்கு மறுபடியும் பணம் குறையும்.

2024 அக்டோபரிலிருந்து வரும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, கையெழுத்துப் போடும் முன் Key Facts Statement என்ற தாளைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அதில் APR என்று ஒரு எண் இருக்கும். கட்டணங்களையும் வட்டிக்குள் சேர்த்துச் சொல்லும் எண் அது. நான் மேலே போட்ட 18% கடன், 944 ரூபாய் கட்டணத்தோடு சேர்த்தால் 22.6% ஆகிறது. இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது விளம்பரத்தில் உள்ள வட்டியை விட்டுவிட்டு இந்த எண்ணைப் பாருங்கள். முடிப்புக் கட்டணம் எவ்வளவு என்பதும் அதே தாளில் இருக்கும். தாள் தர மறுக்கும் ஆப் என்றால் வெளியே வந்துவிடுங்கள், அங்கே மற்ற எதையும் படிக்க வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கேட்காவிட்டாலும். கார்டு வங்கியே அதே கார்டின் மேல் லோன் தரும். ஆப்பில் தனியாகக் காட்டும், ஏடிஎம்மில் எடுப்பதும் இதுவும் ஒன்றல்ல. பணம் வங்கிக் கணக்குக்கு வரும், தவணையாகக் கட்டலாம், வட்டி ரொக்க வட்டியை விட மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் கார்டு என்பதால் இந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு, முடிப்புக் கட்டணமும் இருக்கலாம். இரண்டாவது, வீட்டில் கொஞ்சம் நகை இருந்தால் நகைக்கடன். 12% வட்டியில் 40,000 ரூபாய்க்கு 45 நாளைக்கு வட்டி 600 ரூபாய்க்குள் முடியும், மதிப்பீட்டுக் கட்டணம் என்று கொஞ்சம் தனியாகப் போகும். எப்போது பணம் வரும் என்று உறுதியாகத் தெரியாத உங்கள் நிலைமைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி கட்டி மீட்கக்கூடிய இந்த வழி பெர்சனல் லோனை விடவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். வீட்டு நகையை வைப்பதில் உங்கள் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பது என் கணக்கில் வராத விஷயம்.

எல்லாம் யோசித்த பிறகும் கார்டில்தான் எடுப்பது என்று முடிவானால், அதிகத் தொகை தரும் ஏடிஎம்மாகப் பார்த்து, முடிந்தவரை குறைந்த தடவைகளில் எடுங்கள். பணம் கைக்கு வந்த அன்றே கட்டுங்கள், பில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் 58 ரூபாய். கட்டும்போது பில்லில் உள்ள தொகையோடு நிற்காமல், இன்னும் பில் ஆகாத செலவுகளையும் சேர்த்து மொத்தப் பாக்கியையும் கட்டுவது நல்லது. ஏனென்றால் நீங்கள் கட்டும் தொகை முதலில் எந்தப் பாக்கிக்குப் போகும் என்பது வங்கிக்கு வங்கி மாறும், அதில் மளிகை முதலில் கழிந்து ரொக்கம் அப்படியே நின்றுவிடக் கூடாது. முழுசாகக் கட்டிய பிறகும் அடுத்த பில்லில் ஒரு சின்னத் தொகை வரும், சில நூறு ரூபாய். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையில் ஏறிய வட்டி அது. தவறாக வந்திருக்கிறது என்று நினைத்துப் பலர் விட்டுவிடுவார்கள். அந்தச் சின்னத் தொகைக்குத் தாமதக் கட்டணம் சேர்ந்து, சிபிலில் நிலுவை என்று பதிவாகிப் பிறகு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதையும் கட்டி, அதற்கு அடுத்த பில் பூஜ்ஜியமாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உங்களுக்கு லோன் தருவதாகச் சொன்ன இடத்தில் முடிப்புக் கட்டணம் எவ்வளவு, எத்தனை தவணைக்குப் பிறகு முடிக்கலாம் என்று கேட்டு இங்கே எழுதுங்கள். உங்கள் கார்டின் மாத வட்டியும் ரொக்கக் கட்டணமும் என்ன என்று விதிமுறையைப் பார்த்துச் சேர்த்துப் போடுங்கள். நான் மேலே வைத்த 45 சதவீதமும் 4 சதவீதமும் பொதுவாகக் காணப்படும் எண்கள், உங்கள் எண்கள் வேறாக இருந்தால் சமமாகும் நாளும் மாறும். அதை வைத்து உங்களுக்கான நாளைச் சரியாகக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.